உருத்திரமாதேவி: சாசனங் கூறுவதும் சரித்திரக்காரர் கூட்டுவதும்

பழைய அரசுகளில் உண்மையாகவே ஆட்சி செலுத்திய பெண்டிரைப் பற்றி நம்மவர் எழுதும்போது இரு வழிகளுள் ஒன்றிலே செல்வது வழக்கமாகிவிட்டது. ஒரு சாரார் அரச வமிசப் பட்டியலைத் தந்து, இன்னார்க்குப் பின் இன்னார் மகள் சில காலம் ஆண்டாள் என்று ஒரு வரியில் முடித்து, அடுத்த அரசனிடம் விரைந்து சென்றுவிடுவர். மற்றொரு சாரார் அவளைக் குதிரைமேல் ஏற்றி, கையில் வாளைக் கொடுத்து, அவள் செய்யாதனவற்றையும் செய்தனவாகக் கூறி மகிழ்வர். முன்னவர் சான்றைப் பாராமலே கடந்து செல்கின்றனர். பின்னவர் சான்று வேண்டாமலே பேசுகின்றனர். இவ்விருவரும் ஒருவர்க்கொருவர் மாறானவர் போலத் தோன்றினும், சாசனத்தை எடுத்து வாசித்தற்குச் சோம்புதல் என்னும் ஒன்றிலே இருவரும் ஒத்தவரே.

இதனைப் பொதுப்படப் பேசுவதால் பயன் சிறிது. ஆதலின் காகதீயர் குலத்து உருத்திரமாதேவி ஒருத்தியின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவளைப் பற்றி வழங்கும் கூற்றுக்களுள் சிலவற்றை அவற்றின் மூலச் சான்றுகளோடு ஒப்பிட்டு நோக்குவாம்.

காகதீயர் என்போர் ஓருகல்லு எனப்பட்ட வாரங்கலைத் தலைநகராகக் கொண்டு தெலுங்கு நாட்டை ஆண்டோர். அவருள் கணபதிதேவன் 1199-இல் அரசு கட்டிலேறி ஏறக்குறைய அறுபது ஆண்டு ஆண்டான். அவன் கை தமிழ் நாட்டிலும் நீண்டது; 1249-இல் அவனது அதிகாரி ஒருவன் பொறிப்பித்த சாசனம் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் உளது. அவனது முதுமையில் சடாவர்மன் சுந்தர பாண்டியன் வடக்கே படையெடுத்து நெல்லூரைக் கைக்கொண்டபோது அத்தென்னாட்டுப் பகுதிகள் கைநழுவின. கணபதிக்கு ஆண் மக்கள் இலர். நிடதவோலுச் சாளுக்கியர் குலத்து வீரபத்திரனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டிருந்த உருத்திரமா என்னும் மகளே அவனோடு சில காலம் உடனிருந்து ஆண்டு, 1262-ஐ ஒட்டித் தனியரசு எய்தினாள். ஆகவே அவள் பெற்றது வளர்ந்துகொண்டிருந்த அரசு அன்று. தெற்கே ஒரு பேரடி வாங்கிய அரசு. இதனை நினைவில் வைத்தே அவளது ஆட்சியை அளத்தல் வேண்டும்.

முதலாவது சிக்கல் அவளது பெயரிலேயே தொடங்குகின்றது. அவள் காலத்துச் சாசனங்கள் பலவற்றில் அரசன் பெயர் உருத்திரதேவ மகாராசா என்றே காணப்படும். பெயரும் ஆண்பாற் பெயர். பட்டமும் ஆண்பாற் பட்டம். அக்குலத்திலேயே உருத்திரதேவன் என்ற ஆண் அரசன் ஒருவன் முன்னர் இருந்தான். அனுமகொண்டாவில் 1163-இல் ஆயிரக்கால் கோயிலை எடுப்பித்தவன் அவனே. கணபதிக்குப் பெரிய தந்தை முறையினன். ஆகவே சாசனத்தைப் படிப்பவன் பெயரைக் கண்டவுடன் முடிவு செய்தல் ஆகாது. சக ஆண்டு குறிக்கப்பட்டிருப்பின் அதனைக் கணித்தல் வேண்டும். அஃது இல்லையாயின் உடன் கூறப்படும் சிற்றரசரும் படைத்தலைவரும் எக்காலத்தவர் எனத் தேர்தல் வேண்டும். எழுத்தின் வடிவையும் நோக்கல் வேண்டும். 1270-ஐ அடுத்த ஆண்டொன்றைக் கொண்ட சாசனத்தில் உருத்திரதேவ மகாராசா என்றிருப்பின், நூறாண்டின் முன் வாழ்ந்த அவ்வாணரசன் அங்கே வர இயலாது. அது நம் அரசியே. இந்த உழைப்பைச் செய்யாதவன் அவளது சாசனத்தை அவள் மூதாதைக்குக் கொடுத்துவிடுவான். ஒரு பெண்ணின் ஆட்சி ஏடுகளிலிருந்து மறைவதற்கு எவருடைய பொறாமையும் வேண்டியதில்லை. இத்தகைய கவனக் குறைவு ஒன்றே போதும்.

மிகைப்படுத்துவோர் இதே ஆண்பாற் பெயரிலிருந்து வேறொரு கதையைப் பிறப்பித்தனர். பகைவர் அஞ்சுதற்பொருட்டு அவளைப் பிறந்த நாள் முதல் ஆணென்றே உலகுக்குக் காட்டி வளர்த்தனர் என்பது அக்கதை. 2015-இல் வெளிவந்த தெலுங்குத் திரைப்படமும் இதனையே பெரிதாக்கிக் காட்டியது. என் வகுப்பு மாணவர் பலர் உருத்திரமாதேவியை அறிந்தது அதன் தமிழாக்கத்தைக் கண்டே என்பதை ஒருநாள் உணர்ந்தேன். பாட நூல் ஒரு வரியில் விட்டதைப் படம் இரண்டு மணி நேரத்திற்கு மேல் காட்டுமாயின், பிள்ளைகள் எதனை நம்புவர் என்று கேட்க வேண்டுமா?

இக்கதையை வெட்டுதற்குச் சாசனம் ஒன்றே போதும். குண்டூர்ப் பகுதியில், கிருட்டிணை நதியின் தென்கரைப் பக்கத்தில் உள்ள மல்காபுரத்தில் 1261-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று உளது. அஃது அவளைக் கணபதியின் மகள் என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. பொது இடத்திலே, கல்லிலே, ஊரார் காண அவளை மகள் என்று பொறித்த அரசு அவள் பெண் என்பதை மறைத்திருக்க முடியாது. அவள் பெண்ணென எல்லோரும் அறிந்த பின்னரும் உருத்திரதேவ மகாராசா என்ற வழக்கு நீடித்தது. ஆகவே அப்பெயர் மாறுவேடம் அன்று, பதவியின் பெயர். அரியணை ஆணுக்குரியது எனக் கருதிய காலத்தில், அதன்மேல் அமர்பவர் யாவராயினும் அதற்குரிய சொல்லாலேயே அழைக்கப்பட்டார் எனக் கொள்வதே பொருத்தம். அவள் காலத்து அறிஞர் அவளை அரசியல்லள், அரசனே எனக் கொண்டனர் என்று இக்கால ஆராய்ச்சியாளர் சிந்தியா தால்பொட் விளக்கியிருப்பதும் இக்கருத்தே.

இதற்கு ஒப்பானதொன்று நம் நாட்டிலும் உண்டு. பொலன்னறுவையில் மும்முறை அரசு கட்டிலேறிய லீலாவதி வெளியிட்ட செப்புக் காசுகளில் நாகரி எழுத்தில் சிறீ ராச லீலாவதி என்றே பொறிக்கப்பட்டுள்ளது. பெயர் பெண் பெயர். முன்னுள்ள பட்டமோ ராச என்பது. அவளை ஆண் வேடம் பூண்டவள் என்று எவரும் கூறவில்லை. காசில் நிற்க வேண்டிய சொல் அதுவாகையால் அச்சொல் நின்றது. ஆயினும் லீலாவதியை ஒவ்வொரு முறையும் ஏற்றியோர் படைத்தலைவரே என்பதைச் சூளவமிசம் மறைக்கவில்லை. பட்டம் ஒன்றாயிருப்பினும் அதிகாரத்தின் அளவு ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. உருத்திரமாவின் ஆட்சி ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டு நிலைத்தது; லீலாவதியின் மூன்று ஆட்சிகளையுங் கூட்டினும் ஐந்தாண்டளவே ஆகும். காசில் உள்ள பட்டத்தை மட்டும் கண்டு இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது.

மல்காபுரச் சாசனத்தை விட்டுச் செல்லுமுன் அதனோடு தொடர்புடைய மற்றொரு கூற்றையும் ஆராய்தல் நன்று. உருத்திரமாதேவி ஊர்தோறும் பிள்ளைப்பேற்று மனைகளை நிறுவினாள் என்று சில நூல்களிற் காண்கின்றோம். பெண் அரசி பெண்டிர்க்குச் செய்த உதவி என்ற முறையில் இது படிப்போர் உள்ளத்தைக் கவர்வது. இதன் மூலம் யாது? மல்காபுரச் சாசனமே. கௌட தேசத்தவரும் கோளகி மடத்துச் சைவாசாரியருமான விசுவேசுவர சம்பு, கணபதிக்கு தீக்கை செய்த குரு. அவருக்குக் கணபதி மந்தாரம் என்னும் ஊரைக் கொடுப்பதாகக் கூறினான். உருத்திரமா அதனைச் சாசனஞ் செய்து அளித்ததோடு வெலகபூடி என்னும் ஊரையுஞ் சேர்த்துக் கொடுத்தாள். குருவானவர் அவ்வூர் வருவாயைக் கொண்டு கோயில், மடம், கல்விச்சாலை, அன்னசாலை ஆகியவற்றோடு ஒரு மருத்துவச் சாலையையும் ஒரு பிள்ளைப்பேற்று மனையையும் நடத்துமாறு ஏற்பாடு செய்தார். சாசனம் கூறுவது இவ்வளவே. ஓரூரில் ஒரு மனை. அதற்கு வேண்டிய நிலத்தைக் கொடுத்தோர் தந்தையும் மகளும். ஏற்பாட்டை வகுத்தவர் சைவ குரு. இஃது ஊர்தோறும் என விரிந்தது எழுதுவோர் கையில்.

ஆனால் இங்கே எதிர்ப்பக்கத்துப் பிழையிலும் விழலாகாது. எல்லாம் குருவின் செயல், அரசிக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை எனக் கூறுதலும் சாசனத்துக்கு மாறு. தந்தை சொல்லாற் கொடுத்ததை எழுத்தாற் கொடுத்து நிலைநிறுத்தியவள் அவள். கூடவே ஓரூரைத் தன் விருப்பால் அளித்தவளும் அவள். வருவாய் தரும் ஊர்களைக் கைமாற்றும் அதிகாரம் 1261-இலேயே, தந்தை உயிரோடிருக்கும்போதே, அவளிடம் இருந்தது என்பது இதனாற் பெறப்படும். பிள்ளைப்பேற்று மனையைக் காட்டிலும் சரித்திரக்காரனுக்கு வேண்டிய செய்தி இதுவே. சிறப்பித்து எழுதுவோர் இதனைப் பாராது விடுகின்றனர் என்பதை நோக்குக.

இனிப் போர்ச் செய்திக்கு வருவாம். தேவகிரி யாதவ அரசன் மகாதேவன் உருத்திரமாவோடு பொருதான் என்பதில் ஐயமில்லை. வென்றவர் யார் என்பதிலேதான் வழக்கு. மகாதேவனின் அமைச்சனாய் இருந்த ஏமாத்திரி, தன் அரசன் தெலுங்க மன்னனின் யானைகளையும் அரச வாத்தியங்களையும் கவர்ந்தான் என்றும், பெண் என்பதால் உருத்திரமாவைக் கொல்லாது விட்டான் என்றும் எழுதினான். பதினாறாம் நூற்றாண்டளவில் தெலுங்கில் எழுந்த பிரதாப சரித்திரமோ, அவள் மகாதேவனைத் தேவகிரி வரையும் துரத்திச் சென்று பெரும்பொருளைத் தண்டமாகப் பெற்றாள் என்கின்றது. தம் கருத்துக்கு ஏற்றதை எடுத்து மற்றையதை மறைத்து எழுதியோர் இரு சாராரிலும் உளர்.

இவ்விரண்டையும் எடை போடுவது எங்ஙனம்? ஏமாத்திரி அக்காலத்தவன், ஆனால் தன் அரசனின் உப்பைத் தின்றவன். பிரதாப சரித்திரம் எந்த அரசனுக்கும் கடமைப்பட்டதன்று. ஆனால் நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் பிற்பட்டது. ஒன்றின் குறை காலத்தாலன்றிச் சார்பால் வந்தது. மற்றொன்றின் குறை சார்பாலன்றிக் காலத்தால் வந்தது. ஆகவே இவ்விரண்டையும் சாராத மூன்றாவது சான்றைத் தேடல் வேண்டும். பீதர்க் கோட்டையிற் கிடைத்த சிதைந்த கன்னடச் சாசனம் அத்தகையது. சிந்தர் குலத்துப் பைரவன் என்னும் சிற்றரசன் உருத்திரமாவுக்கு அடங்கியவனாக அதிற் காணப்படுகின்றான். பீதர் யாதவர் பக்கத்து நிலம். அங்கே அவள் ஆணை ஒரு காலத்திலாவது சென்றது எனின், யாதவ அரசன் இரக்கங் காட்டி அவளை விட்டுச் சென்றான் என்ற கூற்று முழுவதும் நிற்காது. அதே வேளையில் இச்சாசனம் தேவகிரியை அவள் முற்றுகையிட்டாள் என்றோ தண்டம் பெற்றாள் என்றோ கூறவில்லை. எல்லையில் அவள் பக்கம் ஓங்கியது என்னும் அளவோடு நிற்பதே நேர்மை.

ஏமாத்திரியின் சொல்லில் வேறொன்றும் கவனித்தற்குரியது. வெற்றி பெற்றவன் எதிரியைக் கொன்றான் அல்லது அடிமை கொண்டான் என்று பாடுவதே புகழ்மாலையின் மரபு. கொல்லவில்லை என்றால் அதற்கு ஒரு காரணங் கூற வேண்டியிருந்தது. அவள் பெண்ணாயிருந்தமை அவனுக்கு எளிதாகக் கிடைத்த காரணம். பகைவனின் ஏட்டில் ஒரு பெண்ணின்மேற் காட்டப்படும் பெருந்தன்மை, சில வேளை அவன் எய்தாத வெற்றியை மூடும் போர்வையாகும்.

புறக்கணிப்போர் கையிலுள்ள மிக வலிய ஆயுதம் ஒன்றுண்டு. அரசி பெயரளவில் இருந்தாள். உண்மையில் ஆண்டோர் படைத்தலைவரும் சிற்றரசருமே என்பதாம். உருத்திரமாவின் காலத்தில் காயத்தர் குலத்துச் சன்னிகதேவன் முதலியோர் பெருநிலங்களைத் தம் பொறுப்பில் வைத்திருந்தனர் என்பது மெய். ஆனால் இதே அளவுகோலை அவள் தந்தைக்கும் வைத்துப் பார்ப்போம். கணபதிதேவன் இளமையில் யாதவர் கையிற் சிறைப்பட்டிருந்தான். அந்நாளில் அரசைச் சிதறாமற் காத்தவன் இரேச்சர்ல உருத்திரன் என்னும் படைத்தலைவன். பாலம்பேட்டையில் 1213-இல் இராமப்பா கோயில் எனப்படும் கோயிலை எடுப்பித்தவனும் அவனே. யாதவ அரசன் விடுதலை செய்த பின்னரே கணபதி வந்து அரியணை ஏறினான். இவ்வளவு இருந்தும் கணபதியைப் பொம்மை அரசன் என்று எந்த நூலும் கூறவில்லை; தக்காரைத் தேர்ந்து ஆண்டவன் என்றே போற்றுகின்றன. தந்தைக்கு ஆட்சித் திறமையாகத் தோன்றியது மகளிடம் வந்தபோது ஆட்சியின்மையாக மாறியது எங்ஙனம்? அக்காலத்துத் தெலுங்கு அரசு சிற்றரசர் தோள்களின்மேல் நின்ற அரசு. அதனை ஆணாயினும் பெண்ணாயினும் அவர்களைக் கொண்டே ஆளல் வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய வினா, அவளுக்குத் துணைவர் இருந்தனரா என்பதன்று. அவர் அவளுக்கு அடங்கினரா என்பதே. அதற்கு விடை காலத்துக்குக் காலம் வேறுபடுகின்றது. சன்னிகதேவன் அடங்கியிருந்தான். அவனுக்குப் பின் அக்குலத்துக்குத் தலைமை பூண்ட அம்பதேவன் அடங்கவில்லை. 1290-இல் திரிபுராந்தகத்தில் அவன் பொறிப்பித்த சாசனம் தான் வென்ற அரசர் பலரைக் கூறுகின்றது. காகதீயரைத் தன் தலைவர் எனக் கூறவில்லை. தென்மேற்குப் பகுதி அவள் ஆட்சியின் இறுதியில் அவள் கையில் இல்லை என்பதை இங்கே ஒளிவுமறைவின்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதனை மீட்டவன் அவளது மகள் வயிற்றுப் பேரன் பிரதாபருத்திரன். அவளை வெற்றியே கண்டவளாக எழுதுவோர் அம்பதேவனை ஒரு நன்றிகெட்டவனாக மட்டும் காட்டி நகர்ந்துவிடுவர். அவன் ஏன் துணிந்தான், அவளால் ஏன் தடுக்க முடியவில்லை என்பதே ஆட்சியைப் பற்றிய வினா. அவன் குணத்தைப் பற்றியதன்று.

மார்க்கோ போலோவின் சான்றைப் பலரும் எடுத்தாள்வர். முட்பிலி என்று அவன் கூறும் மோட்டுப்பள்ளித் துறைமுகத்து நாட்டை அறிவும் நீதியும் மிக்க அரசி ஒருத்தி ஆள்கின்றாள் என்றும், அவள் கணவனான அரசன் இறந்து நாற்பது ஆண்டாயிற்று என்றும், அவள் மறுமணஞ் செய்யவில்லை என்றும் அவன் எழுதினான். இதனை நம்பிப் பழைய ஆசிரியர் சிலர் அவளைக் கணபதியின் மனைவியாக்கிவிட்டனர். அவள் மகள் என்பதைச் சாசனங்கள் காட்டிய பின் அது நீங்கியது. நாற்பது ஆண்டும் பொருந்தாது. அவன் தென்னாட்டுக் கரைகளைக் கடந்த காலத்தில் அவள் உயிரோடும் இல்லை. அப்படியாயின் அவன் கூற்றை எறிந்துவிடலாமா? ஆகாது. துறைமுகத்து வணிகர் வாயில் அவள் பெயர் நீதியோடு சேர்ந்து வழங்கிற்று என்பதற்கு அது சான்றே. ஆயினும் அந்நற்பெயரில் ஒரு பங்கு தந்தைக்கும் உரியது என எண்ணுகின்றேன். கடலில் உடைந்து கரையொதுங்கும் கலங்களின் பொருளை முன்னை அரசர் பறித்துக்கொண்டதுபோலத் தாம் பறிப்பதில்லை என்று மோட்டுப்பள்ளியிலேயே கணபதி 1244-ஐ ஒட்டி வணிகர்க்கு அபய சாசனம் அளித்திருந்தான். அதனைப் பின்னரும் நிலைபெறச் செய்தமை மகளின் புகழாயிருக்கலாம்.

ஈற்றில் அவள் மரணம். பழைய நூல்கள் அவள் ஆட்சி 1295 அல்லது 1296 வரை நீண்டது என்னும். நல்கொண்டாப் பகுதியிற் சந்துபட்லாவிலிருந்து வெளிப்பட்ட சாசனம் அதனை மாற்றியது. 1289-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக்குரிய அதில், பூவுல மும்மடி என்னும் ஊழியன், காகதி உருத்திரமாதேவியும் மல்லிகார்ச்சுன நாயகனும் சிவலோகம் எய்தியமையால் அவர்க்குப் புண்ணியமாகக் கோயிலுக்கு நிலம் அளித்தான் எனக் காணப்படுகின்றது. மல்லிகார்ச்சுனன் அவளது படைத்தலைவன். அரசியும் படைத்தலைவனும் ஒருங்கே கூறப்படுவதாலும், அந்நாளில் அம்பதேவனோடு பகை நிகழ்ந்ததாலும் இருவரும் அவனோடு செய்த போரில் ஒருசேர இறந்தனர் என அறிஞர் ஊகித்தனர். ஊகம் தக்கதே. ஆனால் அடுத்த நூலில் அது முடிந்த முடிவாயிற்று. அதற்கடுத்ததில் முதுமையிலும் வாளேந்திப் பகைவரைச் சாய்த்து வீழ்ந்தாள் என்றாயிற்று. போர் என்ற சொல்லே அச்சாசனத்தில் இல்லை. பகை என்றும் இல்லை, வாளும் இல்லை, அம்பதேவன் பெயரும் இல்லை. ஊகத்தை ஊகம் என்றே குறித்து எழுதியவனுக்கு இங்கே யாதொரு குறையும் வாராது.

அவள் இறந்தாள் என்பதை நமக்குக் கூறியது அரண்மனைப் புலவனின் காவியமும் அன்று, பேரன் எழுப்பிய வெற்றித் தூணும் அன்று. தன் தலைவனையும் அரசியையும் ஒருசேர நினைந்து, தன்னால் இயன்ற சிறு நிலத்தைக் கோயிலுக்கு விட்ட ஓர் ஊழியனின் கல்லே அதனைக் கூறியது.